வினாத்தாள் மட்டும் வந்தால் என்ன பதில் அனுப்புவது?

வட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. ஒரு கணித வினாத்தாள், ஆறு கேள்விகள். 'வணக்கம் அண்ணா' இல்லை, 'இதைச் சொல்லித் தாங்கோ' இல்லை, கேள்விக்குறிகூட இல்லை. மில்லிக்கனில் எங்கள் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு இப்படிப் படங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. பொறியியல் படித்தவர், கணினி வேலை செய்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால், உங்களுக்கும் வந்திருக்கும்.

படத்தைப் பார்த்தவுடன் இரண்டில் ஒன்றைச் செய்வதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். ஒரு சாரார் உடனே ஆறு கணக்கையும் செய்து படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். மற்றச் சாரார் 'இது சோதனைப் பேப்பர் எல்லோ, களவாய் எடுத்ததோ?' என்று கேட்டு, பிள்ளை இனிமேல் எதையும் கேட்காதபடி செய்துவிடுவார்கள். இரண்டு பேருமே தாளை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். படிப்பு உதவிக்கும் மோசடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தத் தாளில் எழுதியிருப்பதில்லை.

முதலில் பேசாமல் வரும் படத்தைப் பற்றி ஒன்று. அந்த மௌனத்தையே குற்றத்துக்கு அடையாளமாக எடுக்கக் கூடாது. இங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழில் எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினால் மாமா என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் இருக்கும். பல நேரம் அனுப்புவது அம்மா. மருந்துப் போத்தலின் லேபிளையும், ஹைட்ரோ பில்லையும் அவர் இப்படித்தான் ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்புகிறார். கணக்கில் எங்கே தடுமாறுகிறோம் என்று சொல்வதற்கே கணிதம் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். விளங்காத பிள்ளை முழுத் தாளையும் படம் எடுத்து அனுப்புவது இயல்பு.

இரண்டாவது, பரீட்சை வினாத்தாளை வைத்துப் படிப்பது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். இலங்கையில் உயர்தரம் எடுத்த எவரையும் கேளுங்கள். பத்து வருடத்துப் பாஸ்ட் பேப்பர் செய்யாமல் பரீட்சைக்குப் போனவர் கிடைப்பது கஷ்டம். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை அண்ணாமாரிடம் வாங்கிச் செய்து பார்த்தவர்கள் இன்றைக்கு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கிறார்கள். இங்கேயும் அது தவறில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகம் பழைய இறுதிப் பரீட்சை வினாத்தாள்களை மாணவர் பார்ப்பதற்காகத் தன் நூலகத் தளத்திலேயே வைத்திருக்கிறது. ஆகவே 'பரீட்சைத் தாள்' என்ற தலைப்பைக் கண்டதும் பயப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? நான் முதலில் அறிய விரும்புவது, இந்தத் தாளை வைத்து இன்னும் யாருக்காவது புள்ளி போட இருக்கிறதா என்பதைத்தான். எல்லாரும் எழுதி, திருத்தி, தாள் மாணவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டால் அது படிப்புப் பொருள். ஒரு பிள்ளை எழுத மிச்சம் இருந்தாலும் அது இன்னும் பரீட்சைதான். காய்ச்சலில் வராத பிள்ளைக்கு அடுத்த கிழமை அதே தாளைக் கொடுக்க ஆசிரியர் நினைத்திருக்கலாம். காலையில் ஒரு வகுப்பும் பின்னேரம் இன்னொரு வகுப்பும் அதே தாளை எழுதலாம். காலையில் எழுதிய பிள்ளைக்கு முடிந்துபோன தாள், பின்னேரம் எழுதப் போகிற சிநேகிதிக்கு முடியாத தாள்.

இதில் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை இலங்கையில் அண்மையில் பார்த்தோம். 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில், முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்னரே வெளியே போய்விட்டன என்ற முறைப்பாடு எழுந்தது. பெறுபேறு தடைப்பட்டது, விசயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுத்து, 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வெளியானது. மூன்று கேள்விகளையும் தானே யோசித்துச் சரியாக எழுதிய பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்விகளால் எந்த முன்னிலையும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெற்றோரின் தொலைபேசிக்கு வந்திருந்தால், அவருக்கு அவை இன்னொரு மாதிரி வினாத்தாள் போலத்தான் தெரிந்திருக்கும். மாதிரித் தாளுக்கும் கசிந்த தாளுக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. திகதியிலும், வந்த வழியிலும்தான் வித்தியாசம்.

சரி, படத்தில் என்ன தடயங்கள் இருக்கும்? கணினிக்காரன் என்பதால் 'படத்தின் உள்ளே எடுத்த நேரம் இருக்குமே, அதைப் பாக்கேலாதோ?' என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் மிஞ்சியிருக்கலாம். பிடிஎஃப் கோப்பென்றால் அது உருவான திகதி தெரியலாம். ஆனால் அது கோப்பு உருவான திகதி, பரீட்சை நடந்த திகதி இல்லை. 2019 தாளை நேற்று ஸ்கான் செய்தால் நேற்றைய திகதிதான் காட்டும். ஆகவே தொழில்நுட்பத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பார்ப்பதே நல்லது.

சிவப்பு மையில் புள்ளியும் ஆசிரியரின் குறிப்பும் இருந்தால், குறைந்தபட்சம் அந்தப் பிள்ளை எழுதி முடித்துவிட்டது. பெயர் எழுதும் கோடு வெறுமையாக இருந்து, மூலையில் 'ஏ', 'பி' என்று பதிப்பு எழுத்து இருந்தால், ஆசிரியர் ஒரே சோதனைக்குப் பல வடிவங்கள் தயாரித்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட தாளை ஆசிரியர் வெளியே விட்டாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சரிந்த கோணத்தில், மேசை விளிம்பும் விரலும் தெரிய அவசரமாக எடுத்த படமும் கேள்வி எழுப்பும். ஐயமே இல்லாத தடயம் ஒன்றுதான் உண்டு. அது கணினித் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கும்போது, மேலே `Time Left` என்று நேரம் ஓடிக்கொண்டிருப்பது. ஒருமுறை பதினைந்து கேள்வியில் ஏழாவது, மிச்சம் 22 நிமிடம் என்று தெரியும் படம் ஒன்று எனக்கு வந்தது. 'முடிச்சிட்டு வாரும் தம்பி, பிறகு பாப்பம்' என்று மட்டும் எழுதினேன். பிறகு வந்தார், பார்த்தோம். அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

மற்ற எல்லாத் தடயமும் சறுக்கக் கூடியவை. அதற்கு ஒரு உதாரணத்தை விபரமாகச் சொல்கிறேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடமிருந்து, புதன்கிழமை பின்னேரம், ஒரு படம். மேலே `MCR3U` என்று பாட இலக்கம். ஒன்ராறியோவில் பல்கலைக்கழகம் போக நினைக்கிற பிள்ளைகள் எடுக்கும் பதினோராம் வகுப்புக் கணிதம் அது. கீழே அலகுச் சோதனை என்று தலைப்பு. பெயர்க் கோடு வெறுமை. திகதி இல்லை. மூலையில் 'பி'. நான் மேலே சொன்ன சந்தேகக் குறிகள் எல்லாம் ஒரே தாளில் இருந்தன. ஒரு கேள்வியின் சாரம் இது: ஒரு கலை நிகழ்ச்சிக்கு ரிக்கற் 40 டொலர் என்றால் 600 விற்கும். ஒவ்வொரு முறையும் விலையை 2 டொலர் கூட்டும்போது 20 ரிக்கற் குறைவாக விற்கும். எந்த விலையில் அதிகூடிய வருமானம்?

நான் அனுப்பிய பதிலில் குற்றச்சாட்டும் இல்லை, விடையும் இல்லை. 'இது எப்ப எழுதின பேப்பர்? ரீச்சர் தந்தவரோ? எந்த இடத்தில நிண்டிட்டீர்? செய்து பாத்ததையும் ஒருக்கா படம் எடுத்து அனுப்பும்.' இவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் கொப்பியின் படம் வந்தது. அதில் இருந்தது இது:

```
R = (40 + 2x)(600 - 20x)
R = 24000 + 400x - 40x^2
x = 5
```

அதற்குக் கீழே, விடை 5 டொலர் என்று எழுதி, தானே அதை வெட்டியும் இருந்தது. நாற்பது டொலர் ரிக்கற்றை ஐந்து டொலருக்கு விற்றால் எப்படி வருமானம் கூடும் என்று பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்கிறது. சமன்பாடு சரி, விரிவு சரி, உச்சப் புள்ளியும் சரி. தடுமாறியது ஒரே இடத்தில்: `x` என்பது விலை இல்லை, விலையை எத்தனை தடவை கூட்டினோம் என்பது. தாள் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் இருந்தது. போன வருடம் பாவிக்காமல் மிஞ்சிய 'பி' பதிப்பை, பயிற்சிக்கு என்று ஆசிரியரே வகுப்புப் பக்கத்தில் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியது பிள்ளை.

வெறுமையான பெயர்க் கோட்டையும் 'பி' எழுத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் நேர்மையான ஒரு பிள்ளையைக் கள்ளப் பிள்ளை ஆக்கியிருப்பேன். விடையை முழுதாய்ச் செய்து அனுப்பியிருந்தால் அதுவும் பயனில்லை. `x` என்றால் என்ன என்ற குழப்பம் அப்படியே இருந்திருக்கும், அடுத்த சோதனையிலும் அதே இடத்தில் விழுந்திருக்கும்.

அதனால் இலக்கங்களை மாற்றி வேறொரு கணக்கைச் செய்து காட்டினேன். ரிக்கற் 30 டொலர், 400 விற்கும், ஒரு டொலர் கூட்டும் ஒவ்வொரு முறையும் 8 குறையும்.

```
R = (30 + x)(400 - 8x)
```

வருமானம் பூச்சியமாவது `x = -30` இலும் `x = 50` இலும். உச்சம் இரண்டுக்கும் நடுவில், `x = 10`. 'இந்த 10 விலையோ?' என்று கேட்டேன். 'இல்லை, பத்துத் தரம் கூட்டினது' என்று பதில் வந்தது. அப்போ விலை 40 டொலர், விற்பனை 320, வருமானம் 12,800. பிறகு தன் கணக்குக்குத் தானே திரும்பிப் போய், ஐந்து தரம் இரண்டு டொலர் கூட்டினால் விலை 50, ரிக்கற் 500, வருமானம் 25,000 என்று எழுதி அனுப்பியது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது 'வேறு இலக்கம் போட்டுத்தானே காட்டினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. வழி சொல்வதும் உதவிதான். எனவேதான் முதலில் 'எப்ப எழுதின பேப்பர்?' என்ற கேள்வி வருகிறது. பதில் மழுப்பலாக இருந்தால் நான் சொல்வது 'நாளைக்கு இரவு பாப்பம்' என்பதுதான். பழைய தாள் நாளை வரை காத்திருக்கும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தாளுக்கு நாளை பிரயோசனமில்லை. நாளைக் காலை சோதனை, இன்றைக்கே விளங்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் நியாயம்தான். அந்தப் பிள்ளையிடம் செய்து பார்த்த கொப்பி இருக்கும், அதைக் கேளுங்கள். பிழையாகச் செய்த கணக்கு ஒன்று இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது உங்களுக்கும் தெரியும்.

இனி, பரீட்சையாக இல்லாமல் புள்ளிக்குரிய வீட்டுவேலையாக இருந்தால்? இந்த இடத்தில் ரொறன்ரோவிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்து, 2022இல் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் ஆன பல்கலைக்கழகத்தில், கணினிப் பொறியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் இரசாயனவியல் பாடத்துக்கான முகநூல் குழு ஒன்றை நடத்தினார். அதில் 146 மாணவர்கள். பாடத்தின் 10 சதவீதப் புள்ளி, இணையவழியாகச் செய்யும் ஒப்படைகளுக்கு. அவற்றைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். குழுவைக் கண்டுபிடித்தவர் அந்த மாணவரின் 'பி' தரத்தை 'எஃப்' ஆக்கி, பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கவும் பரிந்துரைத்தார். குழுவை நடத்தியதற்கு ஒன்று, அதில் இருந்த மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 146, மொத்தம் 147 குற்றச்சாட்டுகள்.

மாணவர் தரப்பு வாதம் எளிமையானது. வளாகத்தில் நிலக்கீழ் அறை ஒன்றில் மேசையைச் சுற்றி இருந்து இதே கணக்குகளை இதே மாணவர்கள் பேசினால் அது படிப்புக் குழு. முகநூலில் பேசினால் மட்டும் ஏன் குற்றம்? ஒவ்வொருவருக்கும் வந்த கேள்விகள் சற்று வேறுபட்டிருந்தன, ஆகவே ஒருவரின் விடை மற்றவருக்குப் பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. 2008 மார்ச்சில் பொறியியல் பீடக் குழு அவரை நீக்க மறுத்தது. ஆனால் அந்த 10 சதவீதப் பகுதிக்குப் பூச்சியம் கொடுத்தது. நீக்கமும் இல்லை, விடுதலையும் இல்லை.

அந்த வாதம் பெரும்பாலும் சரி என்பதுதான் என் அபிப்பிராயம். முகநூலோ வட்ஸ்அப்போ மேசையோ, இடம் முக்கியமில்லை. ஆனால் இரண்டு விசயங்கள் அந்த மாணவருக்கு எதிராக நின்றன. ஒன்று, தனியாகச் செய் என்ற அறிவுறுத்தல். மற்றது, குழுவின் அழைப்பிலேயே தீர்வுகளைப் பதிவிடுமாறு கேட்டிருந்தது. 'இது எப்படி வருது?' என்று கேட்கும் குழுவும் 'தீர்வைப் போடு' என்று கேட்கும் குழுவும் வெளியில் இருந்து பார்க்கும் பேராசிரியருக்கு ஒன்றாகத் தெரியாது. ஒப்படை என்று தெரிந்தால் நான் கேட்கும் கூடுதல் கேள்வியும் இதுதான்: 'சேந்து செய்யலாம் எண்டு சொன்னவையோ, தனியச் செய்யச் சொன்னவையோ?' அனுமதி இருந்தால் எவ்வளவும் பேசலாம். இல்லையென்றால் பாடப் புத்தகத்துக் கணக்கு ஒன்றை எடுத்து அதில் சொல்லிக் கொடுக்கலாம்.

உதவுகிறவர்களும் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, குறிப்பாகப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அக்காமாரும் அண்ணாமாரும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஒழுக்கக் கோவையில், பரீட்சையில் அனுமதியில்லாத உதவி பெறுவது மட்டும் குற்றமில்லை. தெரிந்துகொண்டு இன்னொரு மாணவருக்கு அதைச் செய்ய உதவுவதும் குற்றத்தில் பங்கு. 'நான் கணக்கைத்தானே செய்து குடுத்தனான்' என்ற பதில் அங்கே எடுபடாது. அதே கோவையில் 'தெரிந்துகொண்டு' என்ற சொல் இருப்பதையும் கவனியுங்கள். கேட்காமல் இருந்துவிட்டால் தெரியாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஓடுகிற நேரம் படத்திலேயே தெரிந்தால், தெரியாது என்று யாரும் நம்பப் போவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்தில் சில ரியூசன் வகுப்புகளில், சோதனை எழுதி வந்த பிள்ளையிடம் 'என்ன கேள்வி வந்தது, ஞாபகப்படுத்திச் சொல்லு' என்று கேட்டுக் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் பொதுப் பரீட்சை முடிந்தபின் தாள் எல்லாருக்கும் பகிரங்கமாகக் கிடைக்கும், அதைப் பற்றிப் பேசுவதில் பிழையில்லை. இங்கே பாடசாலைச் சோதனையை அந்த ஆசிரியரே தயாரிக்கிறார், அடுத்த வகுப்புக்கும் அதையே கொடுக்கக் கூடும். உங்கள் பிள்ளை சொன்ன கேள்வி மறுநாள் இன்னொரு பிள்ளையின் கைக்கு 'மொடல் பேப்பர்' என்று போனால், அதன் தொடக்கம் உங்கள் பிள்ளை. பணம் கட்டுமுன் அந்த வகுப்பில் கேளுங்கள்: நீங்கள் தருகிற கேள்விகள் எங்கிருந்து வருகின்றன?

எங்கள் வகுப்புக் குழுவின் மேல் இப்போது மூன்று வரி ஒட்டியிருக்கிறது. படத்தோடு அது எந்தச் சோதனை, எப்போது எழுதியது என்று ஒரு வரி எழுதுங்கள். செய்து பார்த்ததைச் சேர்த்து அனுப்புங்கள், பிழை என்றாலும் பரவாயில்லை. எழுத மிச்சம் உள்ள தாளை அனுப்பாதீர்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், தமிங்கிலத்திலும் எழுதலாம். இதற்குப் பிறகு படங்கள் குறையவில்லை. ஆனால் அநேகமான படங்களோடு இப்போது ஒரு கொப்பிப் பக்கமும் சேர்ந்து வருகிறது, அதில் வெட்டித் திருத்திய வரிகளோடு.